பையில் சர்க்கரையைக் கூட்டியும் நீர் வரவில்லை: வயிற்று டயாலிசிஸ் வீட்டுக்காரர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன், 2 ஜூன் 2024

அம்மாவுக்கு 58 வயது. வயிற்று டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்றரை வருடம் ஆகிறது. தினம் நாலு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். பகலில் மூன்றும் 1.5 சதவீதச் சர்க்கரை உள்ள மஞ்சள், ஐந்து ஐந்து மணி நேரம். இரவு 9 மணிக்குப் பச்சை (2.5) போட்டு காலை 6 மணிக்கு எடுக்கிறோம்.

ஒரு மாதமாகக் கால் வீங்குகிறது. எடை 3 கிலோ ஏறிவிட்டது, பிரஷர் 160/100. நோட்டில் பகல் பைகள் +200, +150, +200 என்று இருக்கின்றன. இரவுப் பை மட்டும் −200, அதாவது 2000 உள்ளே போய் 1800 வெளியே வருகிறது. போன வருடம் 600 மில்லி போன சிறுநீர் இப்போது 200தான்.

பக்கத்து ஊரில் காட்டினோம். "யூஎஃப் ஃபெயிலியர், அதாவது தண்ணியை இழுக்கல, வயிற்றுச் சவ்வு போயிடுச்சு, இனிமேல் சிவப்பு (4.25) ரெண்டு போடுங்க" என்றார்கள். இரவுப் பையைச் சிவப்பாக மாற்றினோம், +150 வந்தது. நாலையும் சிவப்பாக்கிவிடலாமா? சவ்வு போனால் அவ்வளவுதானா?

ஊத்தங்கரை பழைய பேஷண்ட், 2 ஜூன் 2024

தாராளமா சிவப்பு போடுங்க தம்பி. நானே அஞ்சு வருஷமா வயித்துல போட்டுக்கிட்டு இருக்கேன். சர்க்கரை டபுள்னா தண்ணி டபுள், கணக்கு அவ்வளவுதான். தண்ணி குடிக்கறத அரை லிட்டரா குறைங்க. ஒரு தடவை மூச்சு முட்டி உட்காரவே முடியாம போனப்ப சிவப்புதான் என்னைக் காப்பாத்துச்சு.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 2 ஜூன் 2024, இரவு

வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த நோட்டுகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், அதனால் எழுதுகிறேன். சவ்வைப் பற்றிப் பேசும் முன் நோட்டைப் பார்க்க வேண்டும்.

தம்பி, வடிந்த பையை எப்படி எடை போடுகிறீர்கள்? புதுப் பையைத் திறந்ததும் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற, கொஞ்சம் புது மருந்தை வடிகால் பைக்குள் விடுவோம் இல்லையா, அதையும் சேர்த்துத்தான் தொங்கு தராசு காட்டும். அஞ்சு எண்ணும் நேரம் விட்டாலே 100 மில்லி போய்விடும். பையில் அதற்கென்றே கொஞ்சம் கூடுதலாக நிரப்பித்தான் தருகிறார்கள். அதைக் கழித்துத்தான் எழுதுகிறீர்களா? வெறும் பையின் எடையையும் கழிக்கிறீர்களா?

கழிக்கவில்லை என்றால் உங்கள் +200, +150, +200, −200 எல்லாம் உண்மையில் +100, +50, +100, −300. நோட்டுப்படி ஒரு நாளைக்கு 350 மில்லி நீர் இறங்குகிறது. நிஜத்தில் 50 மில்லி உள்ளே தங்குகிறது. கால் ஏன் வீங்காது?

இன்னொன்றும் இருக்கிறது. சிறுநீர் 600லிருந்து 200க்கு இறங்கியிருக்கிறது. பையில் எதுவுமே மாறாமல் இருந்தாலும் தினம் 400 மில்லி கணக்கு உதைக்கும். "யூஎஃப் ஃபெயிலியர்" என்று அனுப்பப்பட்டவர்களில் பல பேருக்குக் குறைந்தது சிறுநீர்தான், சவ்வு அப்படியே இருந்தது.

அண்ணா, மூச்சு முட்டும்போது சிவப்பு சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டபுள் கணக்கு அப்படி வேலை செய்யாது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்காரன், 3 ஜூன் 2024

கழிக்கவில்லை சிஸ்டர். வெறும் பையின் எடை மட்டும் கழித்தோம், காற்றுக்கு விடுவது எங்களுக்குத் தெரியாது. நேற்று இரவிலிருந்து அதைத் தனியாகப் பார்க்கிறேன். 90 முதல் 120 வரை போகிறது.

அரூர் தாத்தா, 3 ஜூன் 2024

எனக்கும் சர்க்கரை 350 இருக்கு. தருமபுரியில வாரம் ரெண்டு தடவை ரத்த டயாலிசிஸ் பண்றேன். எனக்கு எந்தக் கலர் பை போடணும்? டாக்டர் இன்சுலினைக் கூட்டலாமான்னு யோசிக்கிறார்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 3 ஜூன் 2024

ஐயா, நீங்கள் செய்வது ரத்த டயாலிசிஸ். இந்த மஞ்சள், பச்சை, சிவப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. அங்கே நீரை மெஷினே இழுத்துவிடும். இன்சுலினை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

ஆனால் உங்கள் 350ஐ இங்கே விட்டுவிட மனமில்லை. வயிற்று டயாலிசிஸ் செய்யும் சர்க்கரை நோயாளிகளுக்கு அது முக்கியம். மஞ்சள் பையில் இருக்கும் சர்க்கரையை நம் ரத்தச் சர்க்கரையின் அளவுகோலிலேயே சொன்னால் சுமார் 1360. ரத்தத்தில் 100 இருந்தால் பை நன்றாக இழுக்கும். 350 இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓர் இழுப்பு, பையின் பலத்தில் கால்வாசி அங்கேயே காலி. பையின் நிறத்தை மாற்றாமல் ரத்தச் சர்க்கரையைச் சரி செய்தே நீர் கூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலக்கோட்டுத் தம்பி, அம்மாவுக்கு இப்போது சர்க்கரை எவ்வளவு?

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 4 ஜூன் 2024

சரி, டபுள் கணக்கு.

பையில் உள்ள சர்க்கரை நீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. அதே நேரம் அந்தச் சர்க்கரையும் சவ்வு வழியாக ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. கசியக் கசிய இழுப்பு குறையும். அதற்கு நடுவே வயிறு தன் பங்குக்கு நீரை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது நிற்பதே இல்லை. அதனால் ஒரு கட்டம் வரை பையில் நீர் ஏறும், அப்புறம் நிற்கும், அப்புறம் இறங்கும். சராசரி ஆளுக்கு மஞ்சள் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். பச்சைக்கு மூன்று மணி நேரம். சிவப்பு நாலு மணி நேரத்தைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். சர்க்கரையை வேகமாக விடும் சவ்வு என்றால் இந்த எல்லா நேரமும் சுருங்கிவிடும்.

இப்போது அம்மாவின் இரவைப் பாருங்கள். பச்சைப் பை, 9 மணி நேரம். நள்ளிரவுக்கே அதன் வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு விடியும்வரை வயிறு திருப்பிக் குடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு போட்டதும் +150, அதில் காற்றுக்கு விட்ட 100 போனால் மிச்சம் 50. இந்த 50 மில்லிக்காக ஒரு பையில் 85 கிராம் சர்க்கரை உள்ளே போனது, அதில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்ந்துவிட்டது.

அதனால் எந்தப் பை என்று கேட்கும்போதே எவ்வளவு நேரம் என்றும் கேட்டாக வேண்டும். ஒன்றை விட்டு இன்னொன்றை முடிவு செய்ய முடியாது.

ஊத்தங்கரை பழைய பேஷண்ட், 4 ஜூன் 2024

அப்ப நான் நைட்டு சிவப்பு போட்டு 10 மணி நேரம் வச்சா எனக்கு 700 வருதே, அது எப்படி?

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 4 ஜூன் 2024

உங்கள் சவ்வு மெதுவாக விடும் ரகம் அண்ணா. சர்க்கரை சீக்கிரம் தப்பாது, இழுப்பு நீடிக்கும். உங்கள் வயிற்றுக்குச் சரியானது தம்பியின் அம்மாவுக்குச் சரிவராது. உங்கள் 700இலும் காற்றுக்கு விட்டது இருக்கிறதா என்று பாருங்கள்.

அரை லிட்டர் தண்ணீர் யோசனையும் பாதிதான். உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், குடிக்காமல் யாராலும் இருக்க முடியாது. மாங்காய் சீசன் இது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஊறுகாய் ஜாடி நிறையும், டயாலிசிஸ் வீடுகளில் கால் வீங்கும். களிக்கு என்ன தொட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்காமல் நான் எவருடைய பையையும் மாற்றச் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன்.

பாலக்கோட்டுக்காரன், 5 ஜூன் 2024

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. சிவப்பு போட ஆரம்பித்த பிறகு சாப்பிட்டதும் 170 காட்டுகிறது. ஊறுகாய் உண்டு, கருவாடும் உண்டு. இன்றிலிருந்து நிறுத்தியாயிற்று, அம்மா என்னோடு பேசவில்லை.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மே 12ஆம் தேதி பை கலங்கலாக வந்தது. ஆன்டிபயாட்டிக் பையில் கலந்து இரண்டு வாரம் போட்டார்கள், தெளிந்துவிட்டது. அதற்குச் சம்பந்தம் உண்டா?

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 5 ஜூன் 2024

நிறைய உண்டு. தொற்று வந்தால் சவ்வின் ரத்தக்குழாய்கள் விரியும், சர்க்கரை வழக்கத்தை விட வேகமாகத் தப்பும், பையில் நீர் குறையும். பல பேருக்குச் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லோருக்கும் திரும்புவதில்லை.

அதனால் சவ்வுச் சோதனையைத் தொற்று ஆறி நாலு வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் வருகிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆன்டிபயாட்டிக் மே 26 வாக்கில் முடிந்திருக்கும். ஜூன் கடைசி வரை காத்திருங்கள், சிறுநீரக டாக்டரிடம் தேதி கேளுங்கள்.

இடையில் வீட்டில் பார்க்க வேண்டியது, நீர் முழுசாக வடிகிறதா என்பது. வடிய எவ்வளவு நேரம் ஆகிறது? பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிய வேண்டும். திரும்பிப் படுத்தால் திடீரென்று கூடுதலாக வருகிறதா? ஒரு பையில் 300 குறைந்து அடுத்ததில் 300 கூடுகிறதா? அப்படியானால் குழாய் இடம் மாறியிருக்கலாம், நூல் நூலாகப் புரதம் அடைத்திருக்கலாம். இல்லாவிட்டால் மலச்சிக்கல். பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவர், மூன்று வாரமாகச் சிவப்புப் பை, மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் பார்த்தால் குழாய் மேலே ஏறி நிற்கிறது, குடல் முழுக்க மலம். இரண்டு நாள் மலமிளக்கி கொடுத்ததும் குழாய் தானாகவே கீழே இறங்கியது. மஞ்சள் பைக்குத் திரும்பினார். அவருடைய சவ்வில் ஒரு குறையும் இல்லை.

வயிற்றுத் தோல் ஒரு பக்கம் மட்டும் தடித்தாலோ, பை போட்ட பிறகு வலது பக்கம் மூச்சு பிடித்தாலோ காத்திருக்காதீர்கள். நீர் வேறெங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

பாலக்கோட்டுக்காரன், 7 ஜூன் 2024

பதினெட்டு நிமிடத்தில் வடிகிறது. திரும்பிப் படுத்தாலும் கூடுதலாக எதுவும் வரவில்லை. எக்ஸ்ரேயில் குழாய் கீழேதான் இருக்கிறது. ஒரு பக்க வீக்கம் இல்லை.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 7 ஜூன் 2024

அப்போது குழாய்ப் பக்கம் பிரச்சினை இல்லை. சோதனை வரைக்கும் இரவில் நீரைத் திருப்பிக் குடிக்காமல் இருக்க, ராத்திரி 10 மணிக்கு வடித்துவிட்டு வயிற்றைக் காலியாக விட்டுத் தூங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கழிவு வெளியேறுவது குறையும், அதனால் பல மாதம் ஓட்டக்கூடிய வழி இல்லை. நாலு வாரத்துக்குச் சில டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். சிறுநீர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த 200 மில்லி சிறுநீருக்கு விலை மதிப்பே கிடையாது.

பாலக்கோட்டுக்காரன், 28 ஜூன் 2024

டாக்டர் ஒத்துக்கொண்டார். இரவு காலி வயிறு, ஊறுகாய் கிடையாது. எடை ஒன்றரை கிலோ இறங்கியிருக்கிறது. நேற்று சோதனை செய்தார்கள், சிவப்புப் பை, 2 லிட்டர், சரியாக 4 மணி நேரம். வடிந்தது 2450, காற்றுக்கு விட்டதைக் கழித்தே எழுதியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்: கடைசியில் பை நீரில் கிரியாட்டினின் 6.8, ரத்தத்தில் 8.0. ஒரு மணி நேரத்தில் எடுத்த பை நீரில் சோடியம் 125. இதற்கு என்ன அர்த்தம்? டாக்டர் "வேகமான சவ்வு, ஃபெயிலியர் இல்லை" என்றார். வெளியே கூட்டம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 28 ஜூன் 2024, இரவு

வரிசையாகச் சொல்கிறேன்.

சிவப்புப் பை 4 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் குறைவாக இழுத்தால்தான் சவ்வு தோற்றது என்பார்கள். அம்மாவுக்கு 450. கோட்டுக்கு மேலே இருக்கிறது, ரொம்ப மேலே இல்லை.

6.8ஐ 8.0ஆல் வகுத்தால் 0.85. 0.81ஐத் தாண்டினால் வேகமான சவ்வு. கழிவு சீக்கிரம் பைக்கு வருகிறது, அது நல்லதுதான். அதே வேகத்தில் பையின் சர்க்கரையும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. இரவு −300 ஏன் வந்தது என்பதற்கு விடை இதுதான்.

சோடியத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். பையில் போகும்போது 132, ஒரு மணி நேரத்தில் 125. சவ்வில் தண்ணீரை மட்டும் விட்டு உப்பை விடாத நுண்துளைகள் உண்டு. சர்க்கரை இழுக்கும்போது அவை வழியாக வெறும் தண்ணீர் வந்து விழுவதால் பையின் சோடியம் நீர்த்துப்போகிறது. 5க்கு மேல் இறங்கினால் அந்தத் துளைகள் வேலை செய்கின்றன. அம்மாவுக்கு 7 இறங்கியிருக்கிறது. இது இறங்காமலே இருந்திருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும், ஏனென்றால் அந்த ரகத்துக்கு நேரத்தைக் குறைத்தும் பெரிதாகப் பலன் வராது.

ஆக, சவ்வு சர்க்கரையை வேகமாக விடுகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. இரவுக் கணக்கு கெட்டது நீண்ட நேரம் வைத்ததால்தான். நாலு சிவப்பு போட்டிருந்தால் கொஞ்ச மாதம் நீர் வந்திருக்கும், அந்தச் சர்க்கரையே சவ்வில் புதுப்புது ரத்தக்குழாய்களை வளர்த்து இன்னும் வேகமாக்கியிருக்கும்.

ஊத்தங்கரை பழைய பேஷண்ட், 29 ஜூன் 2024

அப்ப ஐகோ போடுங்க. அதுல சர்க்கரையே கிடையாதாம், எந்தக் கவலையும் இல்ல. எங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பை வீட்டுக்கே வருது. ஆனா வர்றது சாதா பைதான், ஐகோ வெளியதான் வாங்கணும்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 29 ஜூன் 2024

ஐகோடெக்ஸ்ட்ரின் யோசனை சரி, இந்த முறை முழுசாகவே சரி. அது பெரிய பெரிய மாவுச்சத்துத் துண்டுகள், சவ்வு வழியாகச் சீக்கிரம் தப்பாது. அதனால் 8 மணி முதல் 16 மணி நேரம் வரை மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கும். வேகமான சவ்வுக்கு இரவுப் பையாக அதுதான் பொருத்தம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் போட வேண்டும்.

"எந்தக் கவலையும் இல்லை" என்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். உடம்பில் அது மால்டோஸாக உடைகிறது. சில குளுக்கோமீட்டர் பட்டைகள் மால்டோஸையும் சர்க்கரை என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். 70 இருக்கிற ஆளுக்கு 200 காட்டினால் வீட்டில் இன்சுலின் போட்டுவிடுவார்கள், ஆள் மயங்கிவிடுவார். பட்டைப் பெட்டியில் ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்று எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். ஐகோ நிறுத்தி இரண்டு வாரம் ஆகும்வரை இதே எச்சரிக்கை. எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதலில் இதைச் சொல்லுங்கள், அவசரப் பிரிவில் எந்த மீட்டர் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

பாலக்கோட்டுக்காரன், 14 ஜூலை 2024

இரண்டு வாரமாகப் புதுக் கணக்கு. காலை 7 மணிக்குப் பச்சை, பத்தரைக்குப் பச்சை, இரண்டு மணிக்கு மஞ்சள், மாலை ஐந்தரைக்கு ஐகோ, அது மறுநாள் காலை 7 வரை. இப்போதும் நாலு பைதான். நேற்று கழித்து எழுதியது +150, +150, +80, +450. சிறுநீர் 250. எடை மொத்தம் மூன்று கிலோ குறைந்தது, பிரஷர் 138/84. சாப்பிட்ட பின் சர்க்கரை 130, லேபில் பார்த்தது. சாயங்காலத்துக்கு மேல் பை மாற்ற வேண்டியதில்லை என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், என்னோடு பேசுகிறார். ஐகோ செலவைத்தான் தாங்க முடியவில்லை.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 14 ஜூலை 2024

830 பையில், 250 சிறுநீரில். நல்ல கணக்கு. இனி நீர் கூடுதலாக இறங்கிவிடாமல் பாருங்கள். எழுந்தால் தலை சுற்றல், பிரஷர் 110க்குக் கீழ், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் முதல் பச்சையை மஞ்சளாக்கச் சொல்வார்கள். அளவுக்கு மீறி உடம்பு காய்ந்தால் மிச்சமிருக்கும் சிறுநீரும் போய்விடும்.

செலவுக்கு மெஷின் ஒரு வழி, இரவில் தானாகவே குட்டிக் குட்டி நேரமாக மாற்றிக்கொண்டிருக்கும். உங்கள் ஊரில் கரண்ட் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நேரம் குறுகக் குறுகத் தண்ணீர் வரும் அளவுக்கு உப்பு வராது, தாகம் நிற்காது. ஊறுகாய் ஜாடியை மறுபடி இறக்கிவிடாதீர்கள்.

ஊத்தங்கரை பழைய பேஷண்ட், 16 ஜூலை 2024

சிஸ்டர், காத்துக்கு விட்டதைக் கழிச்சா என்னோட 700, 600 ஆயிடுச்சு. போன வருஷம் 900 இருந்துச்சு. நானும் அந்தச் சோதனை பண்ணிக்கணுமா?

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 16 ஜூலை 2024

பண்ணிக்கொள்ளுங்கள் அண்ணா. ஐந்து வருடமாகத் தினம் ஒரு சிவப்பு, இப்போது இறங்குமுகம். போன வருடக் கணக்கிலும் காற்றுக்கு விட்டது சேர்ந்திருக்கும், அதனால் 900ஐ 800 என்று வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரச் சோடியத்தையும் எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பல இடத்தில் கேட்காமல் எடுக்க மாட்டார்கள்.

பாலக்கோட்டுக்காரன், 3 ஆகஸ்ட் 2024

0.85 என்பது தொற்றால் வந்ததா, மூன்றரை வருடச் சர்க்கரையால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆரம்பத்தில் எடுத்த சோதனை ரிப்போர்ட் இருந்தால்தான் சொல்ல முடியும் என்றார். பீரோ முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அப்போது பார்த்த ஆஸ்பத்திரியிலும் இல்லை என்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் சிஸ்டர், 3 ஆகஸ்ட் 2024

ஆரம்பத்திலிருந்தே வேகமாக இருக்கும் சவ்வும் உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள். பழைய நோட்டுகளை எடுங்கள். முதல் வருடம் அதே ஒன்பது மணி நேரப் பச்சைப் பை இரவில் எவ்வளவு கொடுத்தது என்று பாருங்கள், அங்கிருந்து ஓரளவு ஊகிக்கலாம். அப்புறம் ஜூன் ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள், ஜெராக்ஸ் எடுக்கும்போது பளபளக்கும். ஃபோட்டோ எடுத்து இரண்டு ஃபோனில் வையுங்கள். அடுத்த சோதனை ஆறு மாதத்திலா ஒரு வருடத்திலா என்று டாக்டர் சொல்லியிருப்பாரே, என்ன சொன்னார்?

பாலக்கோட்டுக்காரன், 4 ஆகஸ்ட் 2024

ஆறு மாதம். முதல் வருட நோட்டு கிடைத்தது, இரவுப் பச்சை +100, +50, +150 என்றுதான் இருக்கிறது. அதிலும் காற்றுக்கு விட்டது கழிக்கவில்லை.